கூகுள் சம்மர் ஆஃப் கோட்: வழிகாட்டியுடனான முதல் அழைப்பில் என்ன பேசுவது?

வைகைக்கரை | மே 10, இரவு 9:40

அனைவருக்கும் வணக்கம். நான் மதுரையில் கணினிப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். திறந்த மூல அமைப்புகளில் வழிகாட்டியின் துணையோடு நிரலெழுதப் புதியவர்களைச் சேர்க்கும் கூகுள் சம்மர் ஆஃப் கோட் திட்டத்துக்கு இவ்வாண்டு நான் அனுப்பிய விண்ணப்பம் தேர்வாகியிருக்கிறது. கைப்பேசிக்கான வரைபடச் செயலி ஒன்றைத் திறந்த மூலமாக உருவாக்கிவரும் அமைப்பில், இணைய இணைப்பு இல்லாத இடத்திலும் ஊர்ப் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்கும் வசதியை எழுதுவது என் வேலை. இது 175 மணி நேரத் திட்டம். நிரலெழுதும் காலம் ஜூன் தொடக்கத்தில்தான் ஆரம்பிக்கிறது. இப்போது நடப்பது அமைப்போடு பழகிக்கொள்வதற்கான மூன்று வாரம்.

வழிகாட்டி ஜெர்மனியில் இருக்கிறார். வரும் வியாழக்கிழமை 15:00 UTC, அதாவது நமக்கு இரவு எட்டரை மணிக்கு, அரை மணி நேரக் காணொளி அழைப்பு. அழைப்பில் நான் என்னைப் பற்றியும் என் இலக்குகளைப் பற்றியும் அவரிடம் எதிர்பார்ப்பதைப் பற்றியும் பேசலாம் என்று ஒரே ஒரு வரியில் எழுதியிருந்தார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

நான் எழுதி வைத்திருப்பதன் சாரம் இது: பெயர், கல்லூரி, சிஜிபிஏ 8.7, பைத்தானும் சி++-உம் தெரியும், இரண்டு ஹேக்கத்தானில் பரிசு, சிறந்த மென்பொருள் பொறியாளராவதே இலக்கு, தங்கள் மேலான வழிகாட்டுதலை நாடுகிறேன். அறைத்தோழன் இதைப் படித்துவிட்டு, விடுப்பு விண்ணப்பத்தின் வாடை அடிக்கிறது என்கிறான். அழைப்பு ஆங்கிலத்தில்தான் நடக்கும்; ஆனால் என் குழப்பம் மொழியைப் பற்றியதன்று, எதைச் சொல்வது என்பதைப் பற்றியது. அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

செந்தில்_கோவை | மே 10, இரவு 10:15

வாழ்த்துகள் தம்பி. பதினான்கு வருடமாகத் தகவல் தொழில்நுட்பத் துறையில் இருக்கிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகளின் முதல் அறிமுகத்தை நூறு முறையாவது கேட்டிருப்பேன். என் அனுபவத்தில் முதல் இரண்டு நிமிடத்திலேயே உங்களைப் பற்றிய அபிப்பிராயம் விழுந்துவிடும். ஆகவே உங்கள் சாதனைகளை முதலில் வையுங்கள். பரிசு வாங்கிய இரண்டு ஹேக்கத்தானையும் விவரமாகச் சொல்லுங்கள். தெரியாத விஷயத்தை நீங்களாக எடுத்துக்கொடுக்காதீர்கள். கேட்டால் மட்டும் சொன்னால் போதும். பேசப்போவதை எழுதி, மனப்பாடமாகும் வரை கண்ணாடி முன் நின்று பேசிப் பாருங்கள்.

இன்னொன்று, ஒலிவாங்கியையும் இணைய இணைப்பையும் அரை மணி நேரம் முன்பே சோதித்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஐந்து நிமிடம் "கேட்கிறதா, கேட்கிறதா" என்றே போய்விட்ட அழைப்புகள் எத்தனையோ.

---

மாணவன்2027 | மே 10, இரவு 11:02

அண்ணா, முதல் அழைப்பில் நன்றாகப் பேசினால்தான் தேர்வு செய்வார்களா? எனக்கு அடுத்த ஆண்டு விண்ணப்பிக்க வேண்டும். அழைப்பில் என்ன கேள்விகள் கேட்பார்கள் என்று ஒரு பட்டியல் கொடுத்தால் நன்றாக இருக்கும்.

---

நள்ளிரவுத் தொகுப்பான் | மே 11, காலை 6:20

மாணவன்2027, நீங்கள் கேட்பது வேறு கட்டத்தைப் பற்றியது. வைகைக்கரை ஏற்கெனவே தேர்வாகிவிட்டார். இந்த அழைப்பு நேர்முகத் தேர்வு அல்ல. உங்களுக்குத் தேவையானது விண்ணப்பம் எழுதுவதற்கு முன் அந்த அமைப்பின் நிரலில் சின்னச் சின்னத் திருத்தங்கள் அனுப்பிப் பழகுவது. தனி இழை தொடங்குங்கள், அங்கே பேசுவோம்.

செந்தில் அவர்களின் ஆலோசனையும் எனக்கு அதே இடத்தில்தான் இடறுகிறது. அவர் சொல்வது முன்பின் தெரியாத ஒருவர் முன் நிற்பவருக்குப் பொருந்தும். இங்கே எதிரில் இருப்பவர் உங்கள் விண்ணப்பத்தை வரிவரியாகப் படித்து, மற்ற விண்ணப்பங்களோடு ஒப்பிட்டு, இவர்தான் வேண்டும் என்று அமைப்பிடம் வாதாடியவர். நான் ஒரு முறை பங்களிப்பாளனாகவும் அதன்பின் நான்கு முறை வழிகாட்டியாகவும் இருந்திருக்கிறேன். விண்ணப்பத்தில் இருப்பதையே ஒருவர் மறுபடி ஐந்து நிமிடம் ஒப்பிக்கும்போது வழிகாட்டி மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். அவர் சம்பளமில்லாமல், தன் வேலை முடிந்த மாலையில் உட்கார்ந்திருக்கிறார் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே அறிமுகம் ஒன்றரை நிமிடம் போதும். அதிலும் விண்ணப்பத்தில் இல்லாததைச் சொல்லுங்கள். இந்த வேலை உங்கள் கண்ணில் எப்படிப் பட்டது, இந்தச் செயலியை நீங்கள் எங்கே பயன்படுத்தினீர்கள், நிரலைத் திறந்து பார்த்தபோது எந்தப் பகுதி புரிந்தது, எது புரியவில்லை. இந்தக் கடைசிச் செய்திதான் வழிகாட்டிக்கு மிகவும் பயன்படும். நான் வழிகாட்டிய ஒரு மாணவர் சி++ நன்றாகத் தெரியும் என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தார். முதல் அழைப்பிலும் அதையே சொன்னார். மூன்றாவது வாரம் வரை அவரிடமிருந்து ஒரு வரி நிரலும் வரவில்லை. விசாரித்தபோதுதான் தெரிந்தது, மூலநிரலைத் தன் கணினியில் தொகுக்கவே அவரால் முடியவில்லை. நினைவகம் போதாமல் இடையிலேயே நின்றுவிடுகிறது. சொல்லக் கூச்சப்பட்டு மூன்று வாரம் தனியே போராடியிருக்கிறார். தொகுக்கும்போது ஒரே சமயத்தில் ஓடும் பணிகளின் எண்ணிக்கையைக் குறைத்தால் தீர்ந்துவிடுகிற சிக்கல் அது. முதல் நாளே சொல்லியிருந்தால் பத்து நிமிட வேலை.

அடுத்தது நாட்கள். 175 மணி நேரத்தைப் பன்னிரண்டு வாரத்துக்குப் பிரித்தால் வாரத்துக்குப் பதினைந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. உங்களுக்குச் செமஸ்டர் தேர்வு எப்போது முடிகிறது? ஜூன் நடுவரை நீண்டால் முதல் இரண்டு வாரம் கையை விட்டுப் போய்விடும். மிச்சமிருக்கும் பத்து வாரத்தில் வாரத்துக்குப் பதினேழரை மணி நேரம் உழைக்க வேண்டியிருக்கும். அதனால் பெரிய கேடில்லை. நடுக்கால மதிப்பீட்டுக்கு ஒரு வாரம் முன்புதான் அது வழிகாட்டிக்குத் தெரியவருகிறது என்றால் அது கேடு. அந்த மதிப்பீட்டில் தேறாதவருக்குத் திட்டம் அங்கேயே முடிந்துவிடுகிறது. வழிகாட்டி ஒப்புக்கொண்டால் பன்னிரண்டு வாரத்தை இருபத்திரண்டு வாரம் வரை நீட்டிக்கவும் விதிகளில் இடம் இருக்கிறது. ஆனால் தேதிகளை முன்கூட்டியே வைத்துப் பேசுபவருக்குத்தான் அது எளிதில் கிடைக்கும்.

---

அகல்விளக்கு | மே 11, காலை 9:35

நான் மென்பொருள் துறையைச் சேர்ந்தவள் அல்லள். தாவரவியலில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறேன். இருந்தாலும் இந்த இழையைப் பார்த்ததும் என் அனுபவம் ஒன்றைச் சொல்லத் தோன்றியது. பழைய மாணவர்களைப் புதியவர்களுக்கு வழிகாட்டியாக இணைக்கும் ஓர் ஏற்பாட்டில், வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றில் பணிபுரியும் ஒருவரோடு எனக்கு முதல் அழைப்பு அமைந்தது. எனக்கு எல்லாவற்றையும் நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும் என்று தொடங்கினேன். பணிவு என்று நினைத்துத்தான் அப்படிச் சொன்னேன். அவர் சிறிது நேரம் அமைதியாக இருந்துவிட்டு, எதைச் சொல்லித்தர வேண்டும் என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை. எதுவானாலும் சரி என்றேன். மிச்ச நேரம் அவருடைய ஊர்த் தட்பவெப்பத்தைப் பற்றிப் பேசியே கழிந்தது. இரண்டாவது அழைப்புக்கு நாள் குறிக்கவேயில்லை. அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

வெகுநாள் அவர் அக்கறையில்லாதவர் என்று எண்ணியிருந்தேன். இப்போது யோசித்தால், அவர் பிடித்துக்கொள்ள நான் ஒரு நுனியைக்கூடக் கொடுக்கவில்லை. ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் எஞ்சியிருக்கிறது. வைகைக்கரைக்கு விண்ணப்பம் இருக்கிறது, வேலை வரையறுக்கப்பட்டிருக்கிறது. என்னைப் போல் வெறுங்கையோடு போகிறவர் இலக்கை எங்கிருந்து எடுப்பது?

---

செந்தில்_கோவை | மே 11, காலை 11:10

நள்ளிரவுத் தொகுப்பான் சொன்ன பின் யோசித்தேன். விண்ணப்பத்தை அவர் படித்திருக்கிறார் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. அறிமுகத்தைச் சுருக்க வேண்டும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பலவீனத்தைத் தானாகச் சொல்லும் விஷயத்தில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை. நான் பார்த்த வரையில், "எனக்கு இது வராது" என்று முதல் நாள் சொன்ன பிள்ளைக்கு அந்த வேலை கடைசி வரை கொடுக்கப்படுவதேயில்லை. அந்த முத்திரை அப்படியே ஒட்டிக்கொண்டுவிடும்.

---

நள்ளிரவுத் தொகுப்பான் | மே 11, மதியம் 1:05

அலுவலகத்தில் அப்படி நடக்கும், மறுக்கவில்லை. அங்கே அந்த வேலையைச் செய்ய இன்னொருவர் இருக்கிறார். இந்தத் திட்டத்தில் வைகைக்கரையின் வேலையைச் செய்ய வைகைக்கரை மட்டுமே இருக்கிறார். வழிகாட்டி அதைப் பிடுங்கி யாரிடமும் கொடுத்துவிட முடியாது. தவிர, இத்திட்டமே திறந்த மூலத்துக்குப் புதியவர்களுக்காக நடத்தப்படுவது. 2005இல் தொடங்கியபோது மாணவர்களுக்கு மட்டும் என்று இருந்ததை 2022இல் மாற்றி, பதினெட்டு வயது நிரம்பிய எந்தப் புதியவரும் சேரலாம் என்றாக்கினார்கள். தெரியாதது இருக்கும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பதுதான்.

ஆனால் செந்தில் சொன்னதில் சொல்லும் விதத்தைப் பற்றிய எச்சரிக்கை ஒன்று இருக்கிறது. "சி++ எனக்கு வராது" என்பது முத்திரை. "சி++-இல் கல்லூரிப் பயிற்சிகள் மட்டுமே எழுதியிருக்கிறேன், இவ்வளவு பெரிய நிரலில் ஒரு பொருளின் நினைவகத்துக்கு யார் பொறுப்பு என்பதைக் கண்டுபிடிக்கத் தடுமாறுகிறேன், உங்களுக்கு நான் அனுப்பிய இரண்டாவது திருத்தத்தில் தவறியதும் அங்கேதான்" என்பது தகவல். இரண்டாவதைக் கேட்டதும் வழிகாட்டிக்கு எந்தக் கோப்பை முதலில் படிக்கச் சொல்ல வேண்டும் என்று உடனே தோன்றிவிடும்.

அகல்விளக்கு அவர்களுக்கு: வெறுங்கை என்று நினைக்கிறீர்கள். ஆய்வில் கடந்த ஒரு மாதத்தில் நீங்கள் மாட்டிக்கொண்டு நின்ற இடம் ஒன்று இருந்திருக்குமே, அதுதான் தொடக்கம். உங்கள் துறையில் அது எப்படி வடிவம் பெறும் என்று என்னால் சொல்ல இயலாது.

---

கடலோரம் | மே 11, இரவு 8:50

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இரண்டு வருடங்களுக்கு முன்பு இதே திட்டத்தில் வேறோர் அமைப்பில் பங்கேற்றேன். என் வழிகாட்டி காணொளியே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எல்லோரும் பார்க்கும் உரையாடல் தளத்தில் எழுத்திலேயே அறிமுகம் நடந்தது. ஆகவே முதல் அழைப்பு இப்படித்தான் இருக்கும் என்று எதையும் நம்பி இராதீர்கள்.

ஆனால் பிறகு மற்ற வழிகாட்டி ஒருவரோடு பேச நேர்ந்தபோது நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். அவருடைய ஆங்கில உச்சரிப்பு எனக்குப் பாதிதான் விளங்கியது. விளங்காத இடத்திலெல்லாம் தலையாட்டி ஆம் ஆம் என்றேன். எல்லாம் விளங்கிவிட்டதாக அவர் எண்ணிக்கொண்டார். பேசியது மொத்தமும் நிரலை எந்தக் கிளையில் அனுப்ப வேண்டும் என்பதைப் பற்றி. நான் மூன்று நாள் தவறான கிளையில் எழுதிக்கொண்டிருந்தேன். அதன்பின் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். அவர் ஒன்றைச் சொல்லி முடித்ததும், நான் விளங்கிக்கொண்டது இதுதான் என்று என் சொற்களில் திருப்பிச் சொல்வேன். தவறென்றால் அங்கேயே திருத்திவிடுவார். இதைத் தொடக்கத்திலேயே சொல்லி அனுமதி வாங்கிக்கொள்ளலாம்: என் ஆங்கிலக் காது மெதுவானது, இடையிடையே நிறுத்தித் திருப்பிச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று. ஒருவரும் தவறாக எடுத்துக்கொண்டதில்லை.

இன்னொரு சின்ன விடயம். சேர் என்று அழைக்க வேண்டாம். முதற்பெயரைச் சொல்லி அழைப்பது நமக்கு நாக்கில் வராது. எனக்கும் ஒரு கிழமை எடுத்தது. ஆனால் அவர்கள் பெயர் சொல்லி அழைப்பதையே விரும்புகிறார்கள்.

---

வைகைக்கரை | மே 12, இரவு 10:30

எல்லோருக்கும் நன்றி. நள்ளிரவு அண்ணா, தேர்வு ஜூன் 11இல் முடிகிறது. நீங்கள் கணக்கிட்டது ஏறக்குறைய சரி. கடலோரம் அக்கா, தலையாட்டும் பழக்கம் எனக்கும் உண்டு, அதைப் படித்ததும் வெட்கமாகிவிட்டது.

புதிதாக எழுதியதன் சாரத்தைத் தருகிறேன்.

"கொடைக்கானல் மலைப்பாதையில் நண்பர்களோடு போனபோது இணைப்பு அற்றுப்போய், கண்ணெதிரே வரைபடம் இருந்தும் ஊர்ப்பெயரைத் தேட முடியாமல் திண்டாடினோம், இந்த வேலையை நான் தேர்ந்தெடுத்த காரணம் அதுதான். பைத்தானில் தாராளமாக எழுதுவேன். சி++-இல் பெரிய நிரலில் வேலை செய்தது உங்களுக்கு அனுப்பிய இரண்டு திருத்தங்கள் மட்டும். ஜூன் 11 வரை தேர்வு. அதுவரை வாரத்துக்கு நான்கு மணி நேரம், அதன்பின் பதினெட்டு மணி நேரம் தர முடியும். என் இலக்கு சி++-ஐ நன்றாகக் கற்றுக்கொள்வதும் தேடல் வசதியைச் சிறப்பாக முடிப்பதும். இதற்கு உங்கள் வழிகாட்டுதல் வேண்டும்."

கடைசி இரண்டு வாக்கியங்கள் இன்னும் விடுப்பு விண்ணப்பமாகவே இருக்கின்றன என்று எனக்கே தெரிகிறது. எப்படி மாற்றுவது என்றுதான் தெரியவில்லை.

---

நள்ளிரவுத் தொகுப்பான் | மே 13, காலை 6:05

முதல் பகுதி நன்றாக வந்திருக்கிறது. கொடைக்கானலை விட்டுவிடாதீர்கள்; மலைப்பாதையில் தேடியவர் ஊர்ப்பெயரை எப்படித் தட்டச்சினார், தமிழிலா, ஆங்கில எழுத்திலா என்று வழிகாட்டி கேட்டாலும் கேட்பார். அதிலிருந்து உங்கள் திட்டத்தின் உள்ளே போய்விடலாம்.

இலக்குக்கு வருவோம். தேடல் வசதியை முடிப்பது உங்கள் இலக்கு அல்ல, அது ஒப்பந்தம். அது அவருக்குத் தெரியும். சி++-ஐ நன்றாகக் கற்றுக்கொள்வது என்பதைக் கேட்டு அவரால் எதுவும் செய்ய முடியாது. எந்த நாளில் நீங்கள் நன்றாகக் கற்றுவிட்டீர்கள் என்று யார் சொல்வது? உங்கள் இலக்கைக் கேட்டதும் அவர் தன் வேலைமுறையில் ஒன்றையாவது மாற்றிக்கொள்ளக் கூடியதாக இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, நடுக்கால மதிப்பீட்டுக்குள் என் திருத்தங்களுக்கான சோதனை நிரல்களை நானே எழுதப் பழக வேண்டும், நீங்கள் சொல்லி எழுதுவதாக இருக்கக் கூடாது என்று சொல்லிப் பாருங்கள். அவர் உடனே, முதல் திருத்தத்துக்குச் சோதனையை நான் எழுதிக் காட்டுகிறேன், அடுத்ததிலிருந்து நீங்கள் எழுதுங்கள் என்பார். அல்லது, திட்டம் முடிந்த பின்னும் இந்தத் தேடல் பகுதியை நானே பராமரிக்க விரும்புகிறேன் என்று சொல்லுங்கள், உண்மையாகவே விரும்பினால் மட்டும். அப்படிச் சொன்னால் பழைய வடிவமைப்பு முடிவுகள் ஏன் அப்படி எடுக்கப்பட்டன என்பதையும் சேர்த்துச் சொல்லித்தருவார். வெறுமனே முடித்துவிட்டுப் போகிறவருக்கு அந்தக் கதையைச் சொல்ல யாருக்கும் நேரமிருக்காது. எல்லாவற்றையும் சொல்ல வேண்டாம். ஒன்று, மிஞ்சினால் இரண்டு.

வழிகாட்டுதலைக் கேட்பதும் அப்படித்தான். "வழிகாட்டுங்கள்" என்ற வேண்டுகோளுக்குப் பதிலாகக் கேள்வியாகக் கேளுங்கள். எனக்குப் பிடித்த கேள்வி ஒன்று உண்டு: என் கால அட்டவணையில் எந்த வாரம் உங்களுக்குச் சந்தேகமாகப் படுகிறது? விண்ணப்பத்தைப் படிக்கும்போதே அவருக்கு ஓர் இடத்தில் புருவம் உயர்ந்திருக்கும். தேர்வு செய்யும் அவசரத்தில் எழுதாமல் விட்டிருப்பார். கேட்டால் சொல்வார், கேட்காவிட்டால் அந்த வாரம் வரும்போது நீங்களே தெரிந்துகொள்வீர்கள். இன்னொன்று, ஓரிடத்தில் மாட்டிக்கொண்டால் எவ்வளவு நேரம் நானே முயன்றுவிட்டு உங்களிடம் வர வேண்டும், வந்தால் பொதுத் தளத்தில் கேட்பதா தனிச் செய்தியா? இதற்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு பதில் வைத்திருக்கிறார்கள். நான் இரண்டு மணி நேரம் என்பேன். அரை நாள் போராடிவிட்டு வா என்பவர்களும் உண்டு. தெரியாமல் இருந்தால் நீங்கள் அவரை நச்சரிப்பதாக நினைத்து ஒதுங்குவீர்கள், அவர் நீங்கள் காணாமல் போனதாக நினைப்பார்.

முடிந்ததும் அன்றிரவே ஐந்தாறு வரியில், என்ன முடிவு செய்தோம் என்று எழுதி அனுப்பிவிடுங்கள்.

---

செந்தில்_கோவை | மே 13, காலை 10:40

கால அட்டவணைக் கேள்வி அருமை. என் குழுவில் சேருகிறவர்களிடமும் இனி இதைக் கேட்கச் சொல்வேன். ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லை. மூன்றாம் ஆண்டு முடிந்து நான்காம் ஆண்டு தொடங்குகிறதென்றால் ஜூலை, ஆகஸ்டில் வளாக வேலைவாய்ப்பு நேர்காணல்கள் வந்துவிடும். அதையும் சொல்லிவிடுவதா? தேர்வுக்குத் தேதி உண்டு. நேர்காணலுக்கு எந்தத் தேதியும் முன்கூட்டித் தெரியாது. நிச்சயமில்லாத ஒன்றை முதல் நாளே சொன்னால் இவருக்கு இதில் மனமில்லை என்று தோன்றாதா?

---

கடலோரம் | மே 13, மதியம் 12:25

என் கருத்து, சொல்லக் கூடாது என்பதே. தேதி உறுதியானதும் ஒரு வாரம் முன்பு அறிவித்தால் போதும். முதல் நாளே எல்லா இடையூறுகளையும் வரிசைப்படுத்தினால் அழைப்பு முழுக்க மன்னிப்புக் கோருவதாகவே ஆகிவிடும்.

---

நள்ளிரவுத் தொகுப்பான் | மே 13, மாலை 7:15

நான் சொல்வேன், ஆனால் ஒரே வாக்கியத்தில்: ஆகஸ்டில் நேர்காணல்கள் வரக்கூடும், வந்தால் இரண்டு மூன்று நாள் தடைபடும், தேதி தெரிந்ததும் சொல்கிறேன் என்று. வழிகாட்டியாக இருந்தபோது இது என்னைச் சங்கடப்படுத்தியதில்லை. கடலோரம் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, மனிதரைப் பொறுத்தது. வைகைக்கரை அந்த அரை மணி நேரத்தில் அவர் எப்படிப்பட்டவர் என்று பார்த்து முடிவு செய்துகொள்ளட்டும்.

---

அகல்விளக்கு | மே 13, இரவு 9:00

நள்ளிரவுத் தொகுப்பான் அவர்களே, உங்கள் பதிலைப் படித்துவிட்டு என் ஆய்வுக் குறிப்பேட்டைப் புரட்டினேன். உலர்த்திய இலை மாதிரிகளிலிருந்து டிஎன்ஏ பிரித்தெடுப்பதில் அந்த அழைப்புக்கு முன்பிருந்தே தோற்றுக்கொண்டிருக்கிறேன். அன்று அழைப்பில் இதைச் சொல்லியிருக்கலாம்; அவர் ஆய்வகத்தில் செய்வதே அதுதான். இப்போது அவருக்கு எழுதலாமா, ஒன்றரை ஆண்டு கழித்து எழுதினால் என்ன நினைப்பார் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

---

வைகைக்கரை | மே 16, இரவு 11:20

அழைப்பு நேற்று முடிந்தது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஒலிவாங்கியை முன்கூட்டியே சோதித்திருந்தும் அழைப்பு தொடங்கியதும் வேலை செய்யவில்லை, செந்தில் அண்ணா. கைப்பேசியிலிருந்து மறுபடி இணைந்தேன். மூன்று நிமிடம் போனது. அதனாலேயே எழுதி வைத்த தாளைப் பார்க்க நேரமில்லாமல் நேராகப் பேசிவிட்டேன். கொடைக்கானல் கதையில் தொடங்கினேன். நள்ளிரவு அண்ணா ஊகித்தது போலவே, ஊர்ப்பெயரை எப்படித் தட்டச்சினீர்கள் என்று கேட்டார். ஆங்கில எழுத்தில்தான், அதிலும் நாங்கள் மூவரும் மூன்று விதமாக எழுத்துக்கூட்டினோம் என்றேன். அவர் சிரித்துவிட்டு எதையோ குறித்துக்கொண்டார்.

சி++ பற்றிச் சொன்னதும், அந்த இரண்டாவது திருத்தத்தைப் பரிசீலித்ததே தான்தான், அப்போதே கவனித்தேன் என்றார். அதற்காக மூன்று கோப்புகளைக் குறிப்பிட்டு, தேர்வு முடியும் வரை நிரல் எழுத வேண்டாம், வாரத்துக்கு நான்கு மணி நேரத்தில் இவற்றைப் படித்து, எந்தப் பொருளை யார் உருவாக்கி யார் அழிக்கிறார்கள் என்று ஒரு பக்கத்தில் வரைந்து அனுப்புங்கள் என்றார். சோதனை நிரலை நானே எழுதப் பழக வேண்டும் என்ற இலக்கையும் சொன்னேன். அதற்கு, அப்படியானால் சோதனை இல்லாத திருத்தத்தை நான் திறந்தே பார்க்க மாட்டேன், சம்மதமா என்று கேட்டார். சம்மதித்திருக்கிறேன்; இப்போது கொஞ்சம் பயமாக இருக்கிறது.

சந்தேகமான வாரம் எது என்று கேட்டதில்தான் எனக்கு அதிர்ச்சி. திரையில் தேடல் பெட்டியை அமைக்கும் எட்டாவது வாரத்தைச் சொல்வார் என்று நினைத்திருந்தேன். அவர் மூன்றாவது வாரத்தைச் சொன்னார். ஊர்ப்பெயர்களுக்கான சொல்லடைவை ஒரு முறை உருவாக்குவதற்கு நான் ஒரு வாரம் ஒதுக்கியிருந்தேன். வரைபடத் தரவு புதுப்பிக்கப்படும்போது அந்தச் சொல்லடைவு என்னவாகும் என்று கேட்டார். என் திட்டத்தில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. ஒவ்வொரு முறையும் கைப்பேசியிலேயே முழுவதையும் மறுபடி உருவாக்கினால் பழைய கைப்பேசிகள் திணறும். தயாராக உருவாக்கித் தரவிறக்கமாகக் கொடுத்தால் கோப்பின் அளவு கூடும். எது என்று இருவரும் முடிவு செய்யவில்லை. இரண்டையும் சிறிதாகச் செய்து அளந்து பார்க்க இன்னும் ஒரு வாரம் சேர்த்து, அதற்கு ஈடாகத் திரையமைப்பை எளிதாக்கிவிட்டோம்.

மாட்டிக்கொண்டால் ஒரு மணி நேரம். அதன்பின் பொதுத் தளத்தில் கேட்க வேண்டும், தனிச் செய்தி வேண்டாம் என்றார். அவர் பேசியதை மூன்று இடத்தில் திருப்பிச் சொன்னேன். அதில் ஒன்று தவறாகவே புரிந்திருந்தது. பெயர் சொல்லி அழைக்க நாக்கு வரவில்லை, கடைசி வரை எந்தப் பெயரும் சொல்லாமலே சமாளித்துவிட்டேன்.

நேர்காணல்கள் பற்றிச் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தபோது அவர் தன் விடுமுறையைப் பற்றிச் சொன்னார்: ஆகஸ்ட் முதல் இரண்டு வாரம் அவர் இருக்க மாட்டார், வேறொருவர் பார்த்துக்கொள்வார். அதற்கு மேல் அதே மாதத்தைப் பற்றி நானும் பேசத் தயங்கிவிட்டேன்.

---

நள்ளிரவுத் தொகுப்பான் | மே 17, காலை 6:10

அந்த இரண்டு வாரத்துக்குப் பொறுப்பேற்பவர் யார் என்று பெயர் கேட்டுக்கொண்டீர்களா? அவருக்கும் உங்கள் அட்டவணை போய்ச் சேர வேண்டும்.

---

வைகைக்கரை | மே 17, காலை 7:45

கேட்கவில்லை அண்ணா. குறிப்பை இன்னும் அனுப்பவில்லை. அதில் இந்தக் கேள்வியைக் கடைசி வரியாகச் சேர்த்து இப்போதே அனுப்புகிறேன். நேர்காணல் வரியை அதற்கு மேலே ஒரு முறை எழுதி, அழித்து, மறுபடி எழுதி வைத்திருக்கிறேன்.